‘முடிஞ்சிருச்சுங்க’ என்ற பதிலை டிக்கெட்டில் எப்படி எழுதுவது?

கோவையில் ஒரு சின்ன நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தபடி மொபைலில் ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கட்டுப்பாட்டுப் பெட்டி அவர்களுடைய தயாரிப்பு. சர்க்யூட் போர்டு, அதற்குள் ஓடும் சாஃப்ட்வேர், மொபைல் ஆப் எல்லாம் உள்ளேயே நடக்கின்றன. பத்துப் பேர் செய்யும் வேலையும் ஜிராவில் டிக்கெட்டாக இருக்கிறது. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, வேலை இப்போது எந்த நிலையில் என்று சொல்லும் ஒரு ஸ்டேட்டஸ் உண்டு. யார் போர்டைத் திறந்தாலும் எது எங்கே நிற்கிறது என்று தெரியும்.

ஒன்றே ஒன்று மட்டும் தெரியாது. பெட்டியின் பிளாஸ்டிக் மேல்மூடியை வார்ப்பதற்கான மோல்டு. அதைச் செய்வது கணபதி பக்கம் இருக்கும் ஒரு டூல்ரூம். அதன் உரிமையாளருக்கு முப்பது வருட அனுபவம். ஆனால் கணக்கு, தேதி, வரைபடத் திருத்தம் எல்லாம் அவர் தலையிலும் ஒரு நீண்ட நோட்டிலும் வாட்ஸ்ஆப்பிலும் இருக்கின்றன. ஜிராவில் ‘மேல்மூடி மோல்டு’ என்று ஒரே ஒரு டிக்கெட். ஏழு வாரமாக ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற கட்டத்தில் நிற்கிறது. கேட்டால் வரும் பதில்: “முடிஞ்சிருச்சுங்க மேடம், ஃபினிஷிங் மட்டுந்தான் பாக்கி.”

இந்த இடத்தில் பல குழுக்கள் முதலில் செய்வது, வெண்டருக்கும் ஜிராவில் ஒரு லாகின் வாங்கிக் கொடுப்பது. அவரும் மரியாதைக்கு ஒருமுறை திறந்து பார்ப்பார். அதோடு சரி. அவருக்கு ஒரே சமயத்தில் எட்டுப் பத்து வாடிக்கையாளர்கள். ஒவ்வொருவரும் ஒரு மென்பொருளைக் கொடுத்து ‘இதில் போடுங்க’ என்றால் அவர் மோல்டு செய்வது எப்போது? அவர் டிராக்கர் வைத்துக்கொள்ளாதது சோம்பலால் அல்ல. நாலு மெஷினும் கண்ணெதிரே ஓடும் இடத்தில் அவருக்கு அது தேவைப்படவில்லை. தேவை நம்முடையது. ஆகவே எழுதுகிற வேலையும் நம்முடையதுதான்.

அப்படியானால் அவருடைய வேலையை நாம் எப்படி எழுதுவது? எழுத முடியாது என்பதுதான் நேரான பதில். அவருடைய ஷெட்டில் இன்று எந்த மெஷினில் எது ஏறியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தது இரண்டுதான்: அவரிடமிருந்து நம் கைக்கு வந்தது, நம்மிடமிருந்து அவர் கைக்குப் போனது. டிக்கெட்டை வெட்ட வேண்டியதும் அந்த இடங்களில்தான். ‘மோல்டு செய்தல்’ என்பது டிக்கெட் ஆகாது. ‘மோல்டு டிசைன் கோப்பு வந்தது’ என்பது டிக்கெட். ‘முதல் ட்ரையலின் பத்து சாம்பிள்கள் மேசைக்கு வந்தன’ என்பது டிக்கெட்.

அந்த மேல்மூடிக்கு இதைச் செய்து பார்த்தால் ஏழெட்டு டிக்கெட்டுகள் வரும். முதலில், நம் வரைபடத்தைப் பார்த்து அவர் சொல்லும் யோசனைகள்: இந்தச் சுவர் ரொம்பத் தடிமன், வெளிப்பக்கம் குழி விழும், இங்கே சாய்மானம் போதாது, மோல்டிலிருந்து மூடி கழன்று வராது என்பது போன்றவை. அடுத்து மோல்டு டிசைன். பிறகு டி1 என்று எல்லோரும் சொல்லும் முதல் ட்ரையலின் சாம்பிள்கள். அவற்றின் அளவு அறிக்கை. திருத்தத்துக்குப் பிறகு டி2. மேற்பரப்பு டெக்ஸ்சர் போட்ட சாம்பிள். கடைசியாக மோல்டை ஒப்படைப்பது. ஒவ்வொன்றும் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒன்று. வந்ததா வரவில்லையா என்பதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

எல்லா டிக்கெட்டுக்கும் பொறுப்பாளர் நம் குழுவில் ஒருவர். பொறுப்பாளர் இடத்தில் வெண்டர் நிறுவனத்தின் பெயரைப் போட்டு வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த டிக்கெட்டை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது யாருடைய பட்டியலிலும் வருவதில்லை. வேலை வெண்டருடையது, அதை வாங்கி வருவது நம் ஆளுடைய வேலை என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை. ஸ்டேட்டஸிலும் இதே பிரிவினைதான் வேண்டும். ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற பெயரை எடுத்துவிட்டு, ‘வெண்டர் கையில்’, ‘நம் கையில்’ என இரண்டாகப் பிரிக்க வேண்டும். இது சின்ன மாற்றமாகத் தெரியும். இதனால் என்ன வெளிப்படும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொரு விஷயம். இரண்டு வாரச் சுற்றுகளாக வேலையைப் பிரித்துக்கொள்ளும் சாஃப்ட்வேர் குழுக்கள் இந்த டிக்கெட்டுகளை அதே சுற்றுக்குள் திணிக்காமல் இருப்பது நல்லது. ஐந்து வார வேலை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ‘முடியவில்லை’ என்று அடுத்ததற்குத் தள்ளப்படும். மூன்றாவது முறை தள்ளும்போது யாருக்கும் கண்ணில் படாது. வெண்டர் டிக்கெட்டுகளுக்குத் தனியாக ஒரு வரிசை போதும்.

டிசைனுக்கு ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து டி1 வரும் வரை ஐந்து வாரம் போல எதுவுமே கைக்கு வராது. அதுதான் இருட்டுக் காலம். ‘எவ்வளவு முடிஞ்சுதுங்க?’ என்று கேட்டால் எந்த வாரம் கேட்டாலும் எண்பது சதவீதம் என்றுதான் பதில் வரும். தீபாவளிக்கு முந்தைய வாரம் தையல்காரரிடம் கேட்பதைப் போலத்தான். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

கேட்க வேண்டியது, “கேவிட்டி இப்ப எந்த மெஷின்லண்ணா இருக்கு? கோர் எங்க இருக்கு?” என்று. மூடியின் வெளிப்பக்கத்தைத் தரும் பாதி கேவிட்டி, உள்பக்கத்தைத் தரும் பாதி கோர். இரண்டும் தனித்தனி எஃகுக் கட்டைகள். முதலில் வி.எம்.சி. மெஷினில் ஏற்றிப் பெரும்பகுதியைக் குடைந்து எடுப்பார்கள். கட்டர் நுழைய முடியாத ஒடுங்கிய இடங்களுக்கும் கூர்மூலைகளுக்கும் செம்பில் எலெக்ட்ரோடு வெட்டி, ‘ஸ்பார்க்’ என்று சொல்லும் ஈ.டி.எம். மெஷினில் எரித்து எடுப்பார்கள். பிறகு இரண்டு பாதிகளும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று நீலச் சாயம் தடவிப் பார்ப்பார்கள். அது ப்ளூ மேட்சிங். அதன் பின் பாலிஷ், எஜெக்டர் பின், தண்ணீர் ஓடும் துளைகளின் இணைப்பு, பிறகு ட்ரையல்.

இந்த வரிசை தெரிந்தவருக்கு ‘எந்த மெஷின்ல’ என்ற கேள்விக்கு வரும் பதிலே தேதியைச் சொல்லிவிடும். ட்ரையலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, “எலெக்ட்ரோடு இனிமேத்தான் வெட்டணுங்க” என்று பதில் வந்தால், சொன்ன தேதி நிற்காது என்பதை அன்றே எழுதி வைத்துவிடலாம். “ப்ளூ மேட்சிங் ஓடிட்டிருக்குதுங்க” என்றால் நம்பலாம். வாரம் ஒரு ஃபோட்டோ கேட்டு வாங்குவதும் இதற்குத்தான். கோர், கேவிட்டி இரண்டையும் தனித்தனியாக, மெஷின் தெரியும்படி எடுத்த படம். டூல்ரூம்காரர்கள் இதற்குச் சலித்துக்கொள்வதில்லை. தங்கள் வேலையைப் படம் எடுத்துக் காட்டுவதில் அவர்களுக்கும் ஒரு பெருமை உண்டு. ஃபாரம் நிரப்பச் சொன்னால்தான் முகம் மாறும்.

ஃபோனில் பேசியது ஃபோனோடு போய்விடக்கூடாது. பேசி முடித்த கையோடு பொறுப்பாளர் வாட்ஸ்ஆப்பில் மூன்று வரி அனுப்ப வேண்டும்: “அண்ணா, இப்ப பேசினபடி: கேவிட்டி ஸ்பார்க்கில். கோர் வர்ற புதன் ஃபிட்டிங்குக்கு வருது. டி1 ஆகஸ்ட் 5. சரிங்களா?” எதிர்ப்பக்கம் ஒரு கட்டைவிரல் வரும், அல்லது “புதன் இல்லீங்க, வியாழன்” என்று வரும். அதை அப்படியே டிக்கெட்டில் எழுத வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் ஒட்டினால் போதாது, வார்த்தையாக டைப் செய்ய வேண்டும். வாய்ஸ் மெசேஜாக வந்தாலும் அப்படியே. ஆறு மாதம் கழித்து ‘ஸ்பார்க்’ என்று தேடுபவருக்குப் படத்துக்குள் இருக்கும் எழுத்து கிடைக்குமென்று நம்ப முடியாது. பொறுப்பாளர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவருடைய ஃபோனும் அதிலுள்ள எல்லா உரையாடலும் அவரோடு போய்விடும்.

வரைபடத்துக்கு இது இன்னும் பொருந்தும். மூடியின் வரைபடம் மூன்று முறை திருத்தப்பட்டிருக்கும். இரண்டாவது திருத்தத்தை மெயிலில் அனுப்பியிருப்பார்கள், மூன்றாவதை அவசரத்தில் யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருப்பார்கள். டூல்ரூமில் புரோகிராம் எழுதும் பையன் கணினியில் எது இருக்கிறதோ அதைத்தான் எஃகில் வெட்டுவான். எந்தத் திருத்த எண் கொண்ட கோப்பு, எந்தத் தேதியில், யாருக்குப் போனது, ‘பழசை அழிச்சாச்சுங்க’ என்று பதில் வந்ததா என்பது டிசைன் டிக்கெட்டின் முதல் வரியில் இருக்க வேண்டும். ஒரு வெண்டர் டிக்கெட்டில் ஒரே ஒரு தகவல்தான் எழுத முடியும் என்றால் நான் இதைத்தான் எழுதுவேன்.

இனித் தேதி. ஜிராவில் ஒரு டிக்கெட்டுக்குக் கெடு தேதி ஒன்றுதான். வெண்டர் ‘அடுத்த திங்கள்’ என்றதும் அதை மாற்றிவிடுகிறோம், டிக்கெட் மறுபடி சரியான நேரத்தில் ஓடுவதாகத் தெரிகிறது. பழைய தேதி வரலாற்றுப் பகுதியில் இருக்கும்தான், ஆனால் பட்டியலில் தெரியாது. அதனால் இரண்டு தேதிப் புலங்கள் வேண்டும். முதலில் சொன்ன தேதி ஒன்று. அதை யாரும் தொடக்கூடாது. இப்போது சொல்லும் தேதி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வளர்வது கண்ணெதிரே தெரிந்தால் போதும், தனியாக அறிக்கை வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு தேதியும் வைத்துக்கொள்ளலாம்: வெண்டரிடமிருந்து கடைசியாகத் தகவல் வந்த நாள். இதற்கு ஜிராவே ‘கடைசியாக மாற்றப்பட்ட நேரம்’ என்று ஒன்றை வைத்திருக்கிறதே என்று தோன்றும். அது இங்கே ஏமாற்றும். நம் ஆள் ‘ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை’ என்று குறிப்பு எழுதினாலே அந்த நேரம் புதுப்பிக்கப்பட்டுவிடும். வெண்டர் பத்து நாளாகப் பேசாமல் இருக்கும்போது டிக்கெட் மட்டும் உயிரோடு இருப்பதாகக் காட்டும். தனிப் புலம் இருந்தால், ஐந்து நாளாக மௌனமாக இருக்கும் வெண்டர் டிக்கெட்டுகளை இந்த ஒரு வரியில் எடுத்துவிடலாம்:

```
project = MOTOR AND status = "With Vendor" AND "Last Heard" <= -5d
```

திங்கட்கிழமை காலை இந்தப் பட்டியலைப் பார்ப்பதும், அதிலுள்ளவர்களுக்கு ஃபோன் செய்வதும், வந்த பதிலைப் பதிவதும் சேர்ந்து ஒரு வெண்டருக்கு வாரத்தில் அரை மணி நேரம் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் டிக்கெட்டுகளை வேண்டியதைவிடப் பொடியாக வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இப்போது அந்த மேல்மூடியின் கணக்கைப் பார்ப்போம். ஜூன் 3 அன்று ஆர்டர் கொடுக்கப்பட்டது. டி1 சாம்பிள் ஜூலை 29 அன்று வரும் என்று பேச்சு. வந்தது ஆகஸ்ட் 14. பதினாறு நாள் தாமதம். கூட்டத்தில் எல்லோரும் டூல்ரூம்காரரைத்தான் சொல்வார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் வேறு முடிவுக்கு வரவும் வழியில்லை.

‘வெண்டர் கையில்’, ‘நம் கையில்’ என்று பிரித்த டிக்கெட்டுகள் வேறு கதை சொல்கின்றன. மோல்டு டிசைனை அவர் ஜூன் 13 அன்றே அனுப்பிவிட்டார், சொன்னதற்கு ஒரு நாள் முன்பாக. மூன்று நாளில், அதாவது 16-ஆம் தேதிக்குள் ஒப்புதல் தருவதாக நம் பக்கம் ஒத்துக்கொண்டிருந்தது. லோகோவை இடப்பக்கம் வைப்பதா நடுவில் வைப்பதா என்று விற்பனைப் பிரிவு முடிவு செய்யாததால் ஒப்புதல் போனது 24-ஆம் தேதி. எட்டு நாள். ஆக, டி1 நியாயமாக வர வேண்டிய தேதியே ஆகஸ்ட் 6 ஆகிவிட்டது. மோல்டு ட்ரையலுக்குத் தயாரானது ஆகஸ்ட் 10. ஸ்பார்க் மெஷினில் வேறொரு வேலை இடையில் புகுந்ததால் நான்கு நாள் போனது. இது வெண்டருடையது. 10-ஆம் தேதி மோல்டு தயார், ட்ரையல் எடுக்கப் பிளாஸ்டிக் குருணை இல்லை. நம் பெட்டிக்கான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கும் அதற்கான நிறக் குருணையும் நாம் வாங்கித் தர வேண்டியவை. அவை போய்ச் சேர்ந்தது 14-ஆம் தேதி. இன்னொரு நான்கு நாள்.

பதினாறில் பன்னிரண்டு நம்முடையது. இப்படி எழுதி வைத்தால் வெண்டரோடு பேசும் தொனியே மாறிவிடுகிறது. தாமதத்துக்கு அபராதம் பிடிப்பதாக ஒப்பந்தத்தில் இருந்தால், எத்தனை நாளுக்குப் பிடிக்கலாம் என்பதும் தெளிவாகிறது. நம் பக்கத்திலிருந்து போக வேண்டியவற்றுக்கும் டிக்கெட் வேண்டும் என்பது இதில் தெரிகிற இன்னொன்று. ஒப்புதல், குருணை, அட்வான்ஸ் மூன்றுக்கும். அட்வான்ஸ் வங்கியில் ஏறாத வரை பல டூல்ரூம்கள் எஃகு வாங்கமாட்டார்கள். வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள். “பண்ணிடலாங்க” என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஜிராவில் அந்த அட்வான்ஸ் டிக்கெட்டை டி1 டிக்கெட்டைத் தடுப்பதாக இணைத்து வைத்தால், கணக்குப் பிரிவு தாமதிப்பது போர்டிலேயே தெரியும்.

சாம்பிள் வந்ததும் டி1 டிக்கெட்டை மூடிவிடும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. வந்தது வேறு, ஏற்றுக்கொண்டது வேறு. மெஷினிலிருந்து சூடாக வந்த மூடியை அப்போதே அளந்து பயனில்லை. ஒரு நாளாவது ஆறவிட வேண்டும். ஏ.பி.எஸ். ஆறும்போது பொதுவாக 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். 180 மில்லிமீட்டர் நீள மூடிக்கு அரை சதவீதம் என்று வைத்தாலே 0.9 மில்லிமீட்டர். அதைக் கணக்கிட்டுத்தான் மோல்டைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள். அந்தக் கணக்கு சரிதானா என்பது இந்த அளவெடுப்பில்தான் தெரியும்.

அளந்து, பெட்டியில் பொருத்திப் பார்த்தபின் திருத்தப் பட்டியல் உருவாகும். டூல்ரூம்காரருக்கு டிக்கெட் எண்ணை அனுப்பிப் பயனில்லை. சாம்பிள் மேலேயே மார்க்கரால் 1, 2, 3 என்று வட்டம் போட்டு, அந்தப் படத்தையும் சாம்பிளையும் கொடுத்தனுப்ப வேண்டும். அதே எண்கள் டி2 டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் எஃகை எடுப்பதா சேர்ப்பதா என்றும் குறித்து வைக்கலாம். பிளாஸ்டிக் இன்னும் தடிமனாக வேண்டுமென்றால் மோல்டில் எஃகைக் கொஞ்சம் எடுத்தால் போதும், சுலபமான வேலை. மெல்லியதாக வேண்டுமென்றால் எஃகைச் சேர்க்க வேண்டும். வெல்டிங் வைத்து மறுபடி குடைய வேண்டும், அல்லது அந்த இடத்தில் தனித் துண்டு செய்து பொருத்த வேண்டும். நாலு திருத்தமும் எடுக்கிற வேலைதான் என்றால் டி2 சீக்கிரம் வரும். ஒன்று சேர்க்கிற வேலை என்றாலும் டி2 தேதியைத் தள்ளி எழுதிக்கொள்வதே புத்திசாலித்தனம், அவர் வாயில் என்ன தேதி வந்தாலும்.

டெக்ஸ்சர் டிக்கெட்டை டி2 ஏற்பு முடியும் வரை திறக்கவே கூடாது. மேற்பரப்பில் டெக்ஸ்சர் போட்டபின் அந்த முகத்தில் கை வைத்தால் அந்த வேலையை மறுபடி செய்ய வேண்டும். அதோடு, அது பெரும்பாலும் டூல்ரூமுக்குள் நடப்பதில்லை. மோல்டு வேறொரு இடத்துக்குப் போய் வரும். அங்கே நமக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்ப ஆள் கிடையாது. போன தேதி, திரும்பும் தேதி இரண்டும் தனியாக எழுதப்பட வேண்டும். எஃகைக் கடினமாக்க வெளியே அனுப்பினாலும் இதே கதைதான்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஸ்பார்க் மெஷினில் நம் கேவிட்டியை இறக்கிவிட்டு வேறு பெரிய வாடிக்கையாளரின் வேலையை ஏற்றியதை எந்த டிக்கெட்டும் முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு நேரில் போக வேண்டும், அதுவும் ட்ரையலுக்கு ஒரு வாரம் முன்பு அல்ல, எலெக்ட்ரோடு வெட்டும் நாட்களில். வெண்டர்கள் மூன்று நான்கு பேர் இருக்கும் வரை இது நடக்கும். பதினைந்து இருபது பேர் ஆகிவிட்டால் ஒருவர் இதற்கென்றே உட்கார வேண்டியிருக்கும். அப்போது கொள்முதல் பிரிவின் மென்பொருளில் இதைச் செய்வதே மேல்.

பெரும்பாலான குழுக்கள் திறக்கவே மறப்பது கடைசி டிக்கெட்டை. டி2 ஏற்றாயிற்று, உற்பத்தி தொடங்கியாயிற்று, போர்டு காலி. மோல்டின் இறுதி வரைபடம், உதிரி எஜெக்டர் பின்கள், வெட்டி வைத்த எலெக்ட்ரோடுகள், எஃகின் சான்றிதழ், இந்த மோல்டு யாருக்குச் சொந்தம் என்று பொறித்த தகடு இவையெல்லாம் டூல்ரூமிலேயே தங்கிவிடும். இரண்டு வருடம் கழித்து மோல்டை வேறு இடத்துக்கு மாற்றும்போதுதான் தேடுவார்கள். விலையில் கடைசிப் பத்து சதவீதத்தை இந்த ஒப்படைப்பு டிக்கெட்டோடு கட்டி, அதை ஆர்டரிலேயே எழுதிவிட்டால், பில்லை எடுத்துக்கொண்டு அவரே ஃபோன் செய்வார்: “மேடம், அந்த பின்னெல்லாம் எடுத்து வெச்சிருக்கறனுங்க, எப்ப வர்றீங்க?”